விலை மாறி வருகிறதே, ஏன்?

கேள்வி: பொருளின் குறியீட்டு எண்ணைக் கொடுத்தால் விலை வரும்படி எக்செலில் VLOOKUP போட்டிருக்கிறேன். சில பொருள்களுக்குச் சரியான விலை வருகிறது. சிலவற்றுக்கு வேறு பொருளின் விலை வருகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஏன்?

பதில்: உங்கள் சூத்திரத்தில் நான்காவது உறுப்பு விடுபட்டிருக்கும். அதை விட்டால் எக்செல் TRUE என்று எடுத்துக்கொண்டு, பட்டியல் ஏறுவரிசையில் இருப்பதாக நம்பி, நடுவிலிருந்து பாதி பாதியாகத் தேடும்.

A2 முதல் A6 வரை 101, 140, 125, 118, 160 என்று எண்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 118-ஐத் தேடுகிறீர்கள். நடுவில் 125 இருக்கிறது. அது 118-ஐ விடப் பெரியது என்பதால் கீழ்ப்பாதியை எக்செல் பார்ப்பதே இல்லை. மேலே 101, 140 மட்டுமே மிச்சம். 118-ஐத் தாண்டாதது 101. அதன் விலை வந்து நிற்கும். அதே பட்டியலில் 160-ஐத் தேடினால் சரியான விலையே வரும். அதனால்தான் தவறு எளிதில் கண்ணில் படுவதில்லை.

விலை B நெடுவரிசையிலும் தேடும் எண் E2-இலும் இருந்தால், இப்படி மாற்றுங்கள்:

```
=VLOOKUP(E2,$A$2:$B$6,2,FALSE)
```

பட்டியலை வரிசைப்படுத்தினால் மட்டும் போதாது. பட்டியலில் இல்லாத 120-ஐத் தட்டினால் அப்போதும் 118-இன் விலை வரும். FALSE இருந்தால் #N/A வரும். பில்லில் தவறான விலை ஏறுவதைவிட அது எவ்வளவோ மேல். இருக்கிற எண்ணுக்கே #N/A வந்தால், ஒரு பக்கம் எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய பில்களையும் சோதித்துவிடுங்கள். பழைய சூத்திரத்தில் 2-க்குப் பதில் 1 போட்டால், எக்செல் எந்தக் குறியீட்டில் போய் நின்றது என்பது தெரியும்.