டோகாஃப் கற்க வருபவர்களுக்குச் சில அறிவுரைகள்

1. டோகாஃப் என்றதும் ஒரு வட்டப்படத்தைக் காட்டுவார்கள். தொடக்கக் கட்டம் ஒன்று, பிறகு ஏ முதல் ஹெச் வரை எட்டுக் கட்டங்கள், நடுவில் தேவைகள். அதை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு சிறு நிறுவனத்தை அதில் ஓட்டிப் பாருங்கள். கோவையில் நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு வெட் கிரைண்டர் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் வாட்ஸப்பில் வருகிறது, ஸ்டாக் எக்செல்லில் இருக்கிறது, கணக்கு டேலியில். முதலாளி, "ஆன்லைனில் விற்கணும், நல்ல சாஃப்ட்வேராப் பாருங்க" என்கிறார்.

2. சாஃப்ட்வேர் தேட ஓடாதீர்கள். ஏ கட்டத்தில் எதற்காக, எதுவரை, யார் பொறுப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். "இல்லாத சரக்குக்கு ஆர்டர் எடுப்பது நிற்க வேண்டும்" என்பது போல, பிறகு சரிபார்க்கக்கூடிய இலக்காக இருக்கட்டும்.

3. பி தொழில், சி தரவும் செயலிகளும், டி சர்வர், நெட்வொர்க் போன்றவை. மூன்றிலும் இன்றைய நிலை, இலக்கு நிலை, இரண்டுக்கும் உள்ள இடைவெளி என்று பாருங்கள். இந்தக் கம்பெனிக்கு டி அரை நாள் வேலை. பி கட்டத்துக்குத்தான் நேரம் வேண்டும். ஓர் ஆர்டர் வந்ததிலிருந்து வண்டியில் ஏறும்வரை கூடவே நடந்து பாருங்கள்.

4. இடைவெளிக்கு ஓர் அட்டவணை உண்டு. இன்று இருப்பவற்றை இடப்பக்கம் கீழ்நோக்கி எழுதுங்கள். கடைசி வரி 'புதியது'. வேண்டியவற்றை மேலே வரிசையாக எழுதுங்கள். கடைசிப் பத்தி 'நீக்கப்படுவது'. டேலிக்கு நேரே டேலி, தொடரும். எக்செல் ஸ்டாக்குக்கு நேரே புதிய ஸ்டாக் மென்பொருள், மாற்றம். ஆன்லைன் கடை 'புதியது' வரியில். ஸ்டோர்காரர் வைத்திருக்கும் வாரண்டி நோட்டுக்கு நேரே மட்டும் எதுவுமே இல்லை, நீக்குவதாகவும் யாரும் சொல்லவில்லை. அதாவது மறந்துவிட்டார்கள். பழுதாகித் திரும்பி வரும் கிரைண்டர் இலவச சர்வீஸில் சேருமா என்று சொல்வது அந்த நோட்டுதான். இப்படி வெறுமையாக நிற்கும் வரியைக் கண்டுபிடிப்பதில்தான் இந்த அட்டவணையின் பலன்.

5. ஈ கட்டத்தில் இடைவெளிகளைச் சேர்த்து வேலைகளாக்குங்கள். எஃப் கட்டத்தில் வரிசைப்படுத்துங்கள். முதலில் பொருள் குறியீடுகளைச் சீர்செய்து ஸ்டாக், அடுத்து ஆர்டர், வாரண்டி, கடைசியாக ஆன்லைன் கடை. முதலாளி கடைசியை முதலில் கேட்பார். ஸ்டாக் கணக்கு தப்பாக இருக்கும்போது கடை திறந்தால், இல்லாத சரக்கு இன்னும் வேகமாக விற்கும். எந்த இடத்தில் வேலை நின்றாலும் அன்றைய வியாபாரம் ஓட வேண்டும். தீபாவளி சமயத்தில் எதையும் மாற்றாதீர்கள்.

6. ஜி கட்டத்தில், வெண்டர் கட்டுவது ஒப்புக்கொண்டதுதானா என்று இடையிடையே பாருங்கள். ஹெச் கட்டத்தில், பிறகு வரும் மாற்றங்களை எடைபோடுங்கள். புது மாடல் சேர்ப்பதற்குச் சுற்று வேண்டாம். டீலர்களை விட்டு நேரடி விற்பனைக்குப் போவதென்றால், மறுபடி ஏ.