தாமதத்தைப் பின்னமாக எழுதமுன்

கட்டுப்பாட்டுப் பொறியியலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்குச் சில சொற்கள். கொழும்புத்துறையில் கிணற்றுத் தண்ணீரைக் குழாயில் விடும் சிறு பம்பறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். குளோரீன் கரைசல் குழாய்க்குள் ஓரிடத்தில் சேர்கிறது. 6 மீற்றர் தள்ளி ஓர் உணரி எஞ்சிய குளோரீனை அளக்கிறது. கட்டுப்படுத்தி அந்த அளவைப் பார்த்துக் கரைசலைக் கூட்டிக் குறைக்கிறது. இலக்கங்கள் நான் கணக்குக்காக எடுத்தவை.

1. முதலில் தாமதத்தை அளந்துகொள்ளுங்கள். தண்ணீர் செக்கனுக்கு 0.3 மீற்றர் ஓடினால் 6 மீற்றரைக் கடக்க 20 செக்கன் ஆகும். அதுவரை உணரிக்கு ஒன்றும் தெரியாது. பிறகு கலத்தலும் உணரியின் மந்தமும் சேர்ந்து 40 செக்கன் நேர மாறிலியாக வரும். கரைசலைச் சட்டென்று கூட்டிவிட்டு, வாசிப்பு அசையும்வரை நேரம் பாருங்கள். 20 எதிர்பார்த்த இடத்தில் 35 வந்தால், உணரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் மெல்லிய குழாயைச் சந்தேகியுங்கள்.

2. இந்த அமைப்பின் பரிமாற்றச் சார்பு இது:

```
G(s) = e^(-20s) / (40s + 1)
```

அந்த அடுக்குக்குறிச் சார்பு பல்லுறுப்பி அல்ல. அதனால் ரௌத் சோதனையும் முனைவுகளைத் தேடும் வழிகளும் நேராக ஓடா. அதற்குப் பதிலாக ஒரு பின்னத்தை வைக்கவேண்டும். கை போன போக்கில் `1/(1+20s)` என்று வைத்துவிடாதீர்கள். அப்போது மூடிய வளையம் சாதாரண இருபடியாகி, எவ்வளவு கெயின் வைத்தாலும் நிலையானது என்று சொல்லும். இதைவிட ஆபத்தான விடை கிடையாது. `1-20s` என்று வைத்தால் எல்லை 2 என்று வரும். அது தேவையில்லாத பயம்.

3. ஹென்றி படே 1892இல் தன் ஆய்வேட்டில் ஆராய்ந்த பின்னங்களே இங்கு உதவுகின்றன. மேலும் கீழும் ஒரே படி வையுங்கள். அப்போது பின்னத்தின் பருமன் எல்லா மீடிறனிலும் உண்மைத் தாமதத்தைப் போலவே 1 ஆக இருக்கும். பிழை அவத்தையில் மட்டும் வரும்.

```
1-ஆம் படி: (1 - 10s) / (1 + 10s)
2-ஆம் படி: (1 - 10s + 33.3s²) / (1 + 10s + 33.3s²)
```

வளையத்தின் கெயினை K என்று வைத்து முதலாம் படியைப் போட்டால் மூடிய வளையத்தின் சமன்பாடு `400s² + (50-10K)s + (1+K) = 0`. நடு உறுப்பு பூச்சியமாகும் இடம் K = 5. தாமதத்தை அப்படியே வைத்து அவத்தையைக் கணக்கிட்டாலோ வளையம் 3.81இலேயே அலையத் தொடங்கும். கடதாசியை நம்பி 4.5 வைப்பவரின் குளோரீன் வாசிப்பு 70 செக்கனுக்குக் கிட்டிய காலத்தில் மேலும் கீழும் போய், ஒவ்வொரு முறையும் பெரிதாகும்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அலைவு தொடங்கும் மீடிறனில் உண்மைத் தாமதம் 105 பாகை பின்தள்ளுகிறது. முதலாம் படியோ 85 பாகைதான் காட்டுகிறது. இரண்டாம் படியைப் போட்டு ரௌத் சோதனை செய்தால் `K² + 12K - 61 = 0` என்று வரும், எல்லை 3.85. இந்த வேலைக்கு அது போதும். பத்துக்கு மேல் படியை ஏற்றுவதில் புண்ணியமில்லை. குணகங்களின் பருமன்கள் ஒன்றுக்கொன்று எட்டாமல் விலகி, கணினியின் முழுமையாக்கற் பிழையே விடையைக் கெடுக்கும்.

4. முதலாம் படியின் வரைபை வரைந்தால், கரைசலைக் கூட்டியதும் குளோரீன் முதலில் குறைவதாகக் காட்டும்: 6 செக்கன் அளவில், இறுதி மாற்றத்தின் 7 வீதம் கீழே. குழாயில் அப்படி ஒன்று நடப்பதில்லை. பின்னத்துக்கு வலப்பக்க அரைத்தளத்தில் இருக்கும் பூச்சியம் போடும் வேஷம் அது. நேரத்துக்கு எதிரான வரைபு வேண்டுமானால் உண்மைத் தாமதத்தையே வைத்துப் போலச்செய்யுங்கள். படேயின் பின்னம் நிலைத்தன்மை பார்ப்பதற்கு.

5. அந்த 20 செக்கன் நிலையான இலக்கமல்ல. இரவில் ஊர் உறங்க, ஓட்டம் பாதியானால் தாமதம் 40 ஆகும், எல்லை 2.26க்கு இறங்கும். அதோடு, அதே சொட்டுக் கரைசல் பாதித் தண்ணீரில் விழுவதால் வளையத்தின் கெயினும் இரட்டிக்கும். எல்லையின் பாதிதானே என்று பகலில் 1.9 வைத்திருந்தால் இரவில் அது 3.8 ஆகி அலையும். ஓட்டமானியைப் பார்த்துக் கரைசலை விகிதப்படி மாற்றும் ஏற்பாடு இருந்தால் கெயின் இரட்டிக்காது. தாமதம் மட்டும் கூடும். அந்த ஏற்பாடு இல்லாத பம்பறையில் பகல் கெயின் 1.1ஐத் தொடக்கூடாது. நான் 0.6க்கு மேல் விடமாட்டேன்.