அவசரகால நிதி: எவ்வளவு, எங்கே, யார் பெயரில்?

வேலை திடீரென நின்றுபோனாலும், வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலும், கடன் வாங்காமல் சில மாதங்கள் குடும்பத்தை நடத்தப் போதுமான தொகையே அவசரகால நிதியாகும். இதனைச் சம்பளத்தின் மடங்காகக் கணக்கிடும் வழக்கம் பலரிடம் உள்ளது. ஆனால் சம்பளம் நின்றபின் தேவைப்படுவது செலவுக்கான பணமே. ஆகவே கணக்கைச் செலவிலிருந்து தொடங்குவோம்.

அளவைக் கணக்கிடும் முறை

மாதம் 65,000 ரூபாய் கைக்கு வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சம்பாதிப்பவர் கணவர் மட்டுமே. மனைவி, பள்ளி செல்லும் மகள், வயதான தாய் ஆகியோர் உடன் வாழ்கின்றனர். வாடகை 14,000, மளிகையும் பாலும் காய்கறியும் 12,000, மின்சாரம், எரிவாயு, தொலைபேசி 4,000, பள்ளிக் கட்டணத்தின் மாதப் பங்கு 5,000, தாயின் மருந்து 3,000, கடன் தவணை 9,000, காப்பீட்டுப் பிரீமியத்தின் மாதப் பங்கு 3,000. இவை தவிர்க்க முடியாதவை. மொத்தம் 50,000 ரூபாய். தொடர் வைப்பு, உணவகம், பயணம் போன்றவற்றை நிறுத்திவைக்கலாம் என்பதால் அவற்றைச் சேர்க்கவில்லை. கடன் தவணையோ வருமானம் நின்றாலும் நிற்காது.

எத்தனை மாதங்களுக்கு? தம்பதியர் இருவரும் வெவ்வேறு இடங்களில் நிலையான பணியில் இருந்தால் மூன்று மாதச் செலவு போதும். ஒருவர் வருமானத்தை மட்டுமே நம்பிய குடும்பத்திற்கு ஆறு மாதச் செலவும், சிறு வணிகர் போன்று வருமானம் ஏறி இறங்குவோருக்கு ஒன்பது மாதச் செலவும் பொருத்தமானவை. நமது குடும்பத்திற்கு ஆறு மாதம், அதாவது 3,00,000 ரூபாய். இதனுடன் 50,000 ரூபாயைச் சேர்ப்போம். நிறுவனம் அளித்துவந்த குழு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையுடன் முடிந்துவிடும். காப்பீடு இருப்பினும் மருத்துவமனையில் முன்பணம் கட்ட நேரிடலாம். ஆக, இலக்கு 3,50,000 ரூபாய்.

ஒரே இரசீதாக வேண்டாம்

ஒரு மாதச் செலவான 50,000 ரூபாய் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். நள்ளிரவிலும் விடுமுறை நாளிலும் ஏ.டி.எம். வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ எடுக்கக்கூடியது அதுவே. மீதி 3,00,000 ரூபாயை ஓராண்டு நிலை வைப்பில் இடலாம். ஆனால் ஒரே இரசீதாக அன்றி, 50,000 ரூபாய் வீதம் ஆறு இரசீதுகளாக.

காரணம் இதுதான். வைப்பை முதிர்வுக்கு முன் முறித்தால், பணம் உண்மையில் இருந்த காலத்திற்குரிய வட்டி விகிதமே கணக்கிடப்படும். அதிலிருந்தும் ஒரு சிறு விழுக்காடு கழிக்கப்படுவதுண்டு. எடுத்துக்காட்டாக, ஓராண்டு வட்டி 6.5 விழுக்காடு, ஆறு மாத வட்டி 5.5 விழுக்காடு, கழிவு 1 விழுக்காடு எனக் கொள்வோம். ஆறாம் மாத முடிவில் முறித்தால் 4.5 விழுக்காடே கிடைக்கும். தேவை 50,000 ரூபாயாக இருக்க, 3,00,000 ரூபாய் வைப்பு முழுவதையும் முறித்தால் அந்த ஆறு மாதங்களுக்கான இழப்பு ஏறத்தாழ 3,000 ரூபாய். 50,000 ரூபாய் இரசீது ஒன்றை மட்டும் முறித்தால் இழப்பு 500 ரூபாய். மற்ற ஐந்தும் முழு வட்டியுடன் தொடரும்.

ஐந்தாண்டு வரிச்சேமிப்பு வைப்பு இதற்கு ஆகாது. காலம் முடியும்வரை அதனை முறிக்க இயலாது. பங்குகளும் ஆகா, வேலை போகும் மந்தக் காலத்திலேயே அவற்றின் விலையும் விழக்கூடும்.

கையெழுத்திட யாருக்கு உரிமை?

நாங்கள் கிளைகளில் மீண்டும் மீண்டும் காணும் இடர்ப்பாடு இது. கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். வைப்பு அவர் பெயரில் மட்டும் உள்ளது. மனைவி இரசீதுடன் வந்து, “நான்தானே நாமினி” என்கிறார். நாமினியின் உரிமை வைப்பாளரின் மறைவுக்குப் பின்னரே தொடங்குகிறது. அவர் உயிருடன் இருக்கும்வரை நாமினி பணம் பெற இயலாது. பணம் இருந்தும், தேவைப்படும் நாளில் அது கைக்கு எட்டுவதில்லை.

ஆகவே சேமிப்புக் கணக்கையும் வைப்புகளையும் இருவர் பெயரில், ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்னும் முறையில் தொடங்குக. அதுமட்டும் போதாது. இம்முறையில் முதிர்வுத் தொகையை ஒருவரே பெறலாம்; ஆனால் முதிர்வுக்கு முன் எடுக்க இருவர் கையெழுத்தும் தேவை. ஒருவர் மறைந்திருந்தால், அவருடைய சட்டப்படியான வாரிசுகளின் இசைவும் கேட்கப்படும். முதிர்வுக்கு முன்பும் ஒருவரே, அல்லது உயிருடன் இருப்பவரே, எடுக்கலாம் என்று இருவரும் கூட்டாக எழுதிக் கொடுத்துவிட்டால் இத்தடை நீங்கும். வைப்புத் தொடங்கும்போது மட்டுமன்றி, அதன் காலத்திற்குள் எப்போது வேண்டுமானாலும் இதனைக் கொடுக்கலாம்.

உங்கள் இரசீதுகளை இன்றே எடுத்துப் பாருங்கள். ஒரே பெயர் இருந்தாலோ, கூட்டு ஒப்புதல் கொடுத்த நினைவில்லை என்றாலோ, இருவரும் சேர்ந்து ஒருமுறை கிளைக்கு வாருங்கள். இருவராலும் வர முடிகிற நாளில்தான் அதனைச் செய்ய முடியும்.