வாசலில் வைத்த குடை

அன்புள்ள தம்பி,

உன் கட்டுரை கிடைத்தது. முதல் முறை பென்சில் எடுக்காமல் படித்தேன். இரண்டாம் முறை மூன்றாவது பத்தியிலேயே நின்றுவிட்டேன். “புராட்டஸ்டண்ட் மதம் உழைப்பைப் போற்றியது, அதனால் முதலாளித்துவம் வளர்ந்தது” என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டாய். மாக்ஸ் வெபர் சொன்னது இவ்வளவுதான் என்றால், 1904-05இல் ஒரு ஜெர்மன் ஆய்விதழில் இரண்டு பகுதிகளாக வந்த அந்தக் கட்டுரையைப் பற்றி இன்றுவரை யாரும் சண்டை போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். உன் வாக்கியத்தில் “அதனால்” என்ற சொல் இருக்கிறதே, அதற்குள்தான் வெபரின் கட்டுரை முழுவதும் இருக்கிறது. அதைத் திறந்து காட்டுவதுதான் உன் வேலை.

வெபர் எதை விளக்க முயன்றார் என்பதிலிருந்து தொடங்கு. நீ “பேராசை” என்று எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிடு. பேராசை கடற்கொள்ளைக்காரனுக்கும் உண்டு, கந்துவட்டிக்காரனுக்கும் உண்டு, அது எல்லாக் காலத்துச் சரக்கு. வெபருக்குப் புதிராக இருந்தது வேறு. அவரே தரும் கணக்கு ஒன்று இருக்கிறது, அதை அப்படியே எடுத்துக்கொள். கதிர் அறுக்கும் ஒருவனுக்கு நிலத்தின் அளவுப்படி கூலி, ஓர் அலகுக்கு 1 மார்க். அவன் நாளுக்கு இரண்டரை அலகு அறுத்து இரண்டரை மார்க் வாங்குகிறான். அறுவடையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று பண்ணையார் கூலியை 1.25 மார்க்காக உயர்த்துகிறார். மூன்று அலகு அறுத்தால் 3.75 மார்க் கிடைக்கும். அவன் செய்வதோ, இரண்டு அலகு அறுத்துவிட்டு, பழைய இரண்டரை மார்க்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது. கூலி கூடியது, வேலை குறைந்தது.

இவனைச் சோம்பேறி என்று வெபர் சொல்லவில்லை. “இன்று எவ்வளவு சம்பாதிக்கலாம்?” என்று இவன் கேட்பதில்லை. “வழக்கமாகத் தேவைப்படுவது கிடைக்க எவ்வளவு வேலை செய்தால் போதும்?” என்றுதான் கேட்கிறான். மனிதர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வாழ்ந்திருக்கிறார்கள் என்பது வெபரின் கருத்து. அப்படியானால், போதும் என்ற இடத்தைத் தாண்டியும் சம்பாதிப்பதை ஒரு கடமையாக நினைக்கும் மனிதன் எங்கிருந்து வந்தான்? 1748இல் ஓர் இளம் வணிகனுக்கு பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எழுதிய அறிவுரையை வெபர் அந்த மனிதனுக்கு மாதிரியாக வைக்கிறார். அங்கே நேரத்தை வீணாக்குவது நஷ்டம் மட்டுமல்ல, கிட்டத்தட்ட ஒழுக்கக் கேடு. இந்த மனப்பான்மையைத்தான் அவர் முதலாளித்துவத்தின் ‘ஆவி’ என்கிறார். நம் வாசகர்களுக்கு ஆவி என்றால் இட்லிச் சட்டியோ பேயோதான் நினைவுக்கு வரும். ‘மனப்பான்மை’ என்றே எழுது.

இனி அந்த “அதனால்”. நீ லூத்தரிடம் தொடங்குகிறாய், அது சரி. பைபிளை ஜெர்மனில் பெயர்த்தபோது, கடவுளின் அழைப்பைக் குறித்த ‘பெரூஃப்’ என்ற சொல்லையே அன்றாடத் தொழிலுக்கும் அவர் பயன்படுத்தினார். மடத்துக்குப் போகாத செருப்புத் தைப்பவனுக்கும் அவன் தொழிலே அழைப்பு ஆயிற்று. (இந்த இடத்தில் தொழில், தொழுகை என்று ஒலியை வைத்து விளையாடியிருக்கிறாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் லூத்தருக்குத் தமிழ் தெரியாது.) லூத்தரோடு நின்றால், உனக்குக் கிடைத்த தொழிலில் பணிவாக இரு என்பதோடு கதை முடிந்துவிடும். விசை கால்வினியத்தில் இருக்கிறது.

யார் மீட்படைவார்கள், யார் அழிவார்கள் என்பதைக் கடவுள் முன்பே குறித்துவிட்டார். மனிதன் என்ன செய்தாலும் அது மாறாது. 1647ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை இதைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் சொல்கிறது. கத்தோலிக்கருக்குப் பாவசங்கீர்த்தனம் இருந்தது, விழுந்தால் எழலாம். இவர்களுக்கு அந்தப் படிக்கட்டே இல்லை. இப்போது தர்க்கப்படி யோசி. எல்லாம் எழுதி முடித்தாயிற்று என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரத்தானே வேண்டும்? உன் வாசகர் கட்டாயம் இதைக் கேட்பார், நீயோ கேட்காமலே கடந்துவிட்டாய். வெபர் கடக்கவில்லை. தர்க்கம் போகும் திசை அதுதான், ஆனால் மனம் அந்தத் திசையில் போகவில்லை என்கிறார். சாதாரண விசுவாசியை அரித்தது ஒரே கேள்வி: “அந்தப் பட்டியலில் நான் இருக்கிறேனா?”

போதகர்கள் அவனுக்கு இரண்டு பதில் சொன்னார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்று உன்னை நம்புவது உன் கடமை, சந்தேகம் வந்தால் அதுவே விசுவாசக் குறைவு என்பது ஒன்று. அந்த நம்பிக்கை வர வேண்டுமானால் ஓய்வில்லாமல் உன் தொழிலைச் செய் என்பது இன்னொன்று. உழைப்பு மீட்பை வாங்கித் தராது. மீட்பில்லையோ என்ற பயத்தைத்தான் போக்கும்.

இதை நான் வகுப்பில் இப்படிச் சொல்வது வழக்கம். மழை பெய்தால் குடை நனையும், குடை நனைந்தால் மழை வராது. ஜன்னல் இல்லாத அறையில் இருப்பவன் என்ன செய்வான்? வாசலில் வைத்த குடையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். நாளாக ஆக, குடை ஈரமாக இருக்க வேண்டும் என்றே ஆசைப்படுவான். ஒழுங்கான உழைப்பும் அதில் வந்த லாபமும்தான் அந்த ஈரம். சம்பாதித்ததை ஆடம்பரத்தில் கரைப்பதும் பாவம், அதன்மேல் சாய்ந்து ஓய்வெடுப்பதும் பாவம். மிஞ்சிய பணம் திரும்பவும் தொழிலுக்குள்தான் போகும். தலைமுறைகள் போனபின் பயம் வற்றிவிடுகிறது, பழக்கம் மட்டும் நிற்கிறது. கட்டுரையின் முடிவில் வெபர் சொல்லும் “இரும்புக் கூண்டு” இதுதான். அந்தச் சொல் 1930இல் டால்காட் பார்சன்ஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. ஜெர்மனில் இருப்பது எஃகுபோல் இறுகிய ஓர் ஓடு. கூண்டிலிருந்து வெளியே வரலாம், ஓடு உடம்போடு ஒட்டியது. நீ எதைப் பயன்படுத்தினாலும் தெரிந்தே பயன்படுத்து.

விமர்சனங்களுக்கு வருகிறேன். ஆறு பெயர்களை ஒரே பத்தியில் அடுக்கிவிட்டு, “இவ்வாறு பலரும் மறுத்துள்ளனர்” என்று முடித்திருக்கிறாய். அவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் அடிக்கவில்லையே. வெபரின் வாதச் சங்கிலியில் யார் எந்தக் கண்ணியைத் தட்டுகிறார் என்று பார்த்தால் அந்தப் பத்தி தானாகவே பிரிந்துவிடும்.

எளிதாகச் சரிபார்க்கக்கூடியதிலிருந்து தொடங்கலாம். வெபர் கட்டுரையின் ஆரம்பத்தில், பாடன் மாநிலத்தில் எந்த மதத்தார் எவ்வகைப் பள்ளிகளில் படித்தார்கள் என்று ஓர் அட்டவணை தருகிறார். தொழில், வணிகம் பக்கம் போகும் பள்ளிகளில் புராட்டஸ்டண்ட் மாணவர் அதிகம் என்பது அதன் சாரம். அதில் ‘ரியால்கிம்னாசியம்’ என்ற வகைக்கு எதிரே புராட்டஸ்டண்ட் 69, கத்தோலிக்கர் 31, யூதர் 9 சதவீதம் என்று இருக்கிறது. கூட்டிப் பார். 109 வரும். 69 என்பது 59ஆக இருக்க வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த பொருளாதார வரலாற்றாசிரியர் கூர்ட் சாமுவேல்சன் 1957இல் வெளியிட்ட நூலில் இதைச் சுட்டிக்காட்டினார். நீயும் 69 என்றே எடுத்து எழுதியிருக்கிறாய், தம்பி. அட்டவணையைப் படியெடுக்கும்போது வரிசையைக் கூட்டிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

இந்தப் பிழையால் வெபர் வீழ்ந்துவிடவில்லை, அவர் வாதம் அட்டவணைமேல் நிற்கவும் இல்லை. சாமுவேல்சனின் அடுத்த அடிதான் கனமானது. அந்தப் பள்ளிகள் புராட்டஸ்டண்டுகள் அதிகம் வாழ்ந்த இடங்களில் இருந்தன, பக்கத்தில் இருப்பவன் படிக்கிறான், இதில் மனப்பான்மைக்கு என்ன வேலை என்பது அவர் கேள்வி.

காலவரிசை பற்றிய விமர்சனத்தை நீ நன்றாகவே எழுதியிருக்கிறாய். ஃபிளாரன்சும் வெனிசும் கால்வினுக்கு முன்பே வணிகத்தில் கொழித்தன, ஆக்ஸ்பர்கின் ஃபுக்கர் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். ஆனால் வெபர் இதை அறியாதவர்போல் எழுதாதே. அங்கே வணிகம் இருந்தது, அதைக் கடமையாக்கிய ஒழுக்கம் இல்லை என்பது அவர் பதில். இங்கிலாந்தின் ஆர். எச். டானி 1926இல் எழுதியது இதைவிட நுட்பமானது. பியூரிட்டானியம் வணிகத்தை மாற்றியது என்றால், வணிகமும் பியூரிட்டானியத்தை மாற்றியது என்றார். ஆரம்ப காலக் கால்வினியம் வணிகர்களைக் கறாராக அடக்கி வைக்கத்தான் முயன்றது.

நீ ஒரே வாக்கியத்தில் கட்டிப்போட்டிருக்கும் இரண்டு புதிய ஆய்வுகளைக் கட்டாயம் பிரி. 2009இல் சாஷா பெக்கரும் லுட்கர் வோஸ்மனும் 19ஆம் நூற்றாண்டுப் பிரஷ்யாவின் மாவட்டக் கணக்குகளை எடுத்தார்கள். புராட்டஸ்டண்ட் மாவட்டங்கள் வளமாகத்தான் இருந்தன. ஆனால் அங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அதிகம், எல்லோரும் பைபிளைத் தாங்களே படிக்க வேண்டும் என்று லூத்தர் விரும்பியதன் பலன் அது. எழுத்தறிவைக் கணக்கில் சேர்த்தால் வளத்தில் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. அதாவது விளைவு உண்டு, ஆனால் அது வந்த வழி வெபர் சொன்னது அல்ல. 2015இல் டாவிடே கன்டோனி 272 ஜெர்மன் நகரங்களை 1300 முதல் 1900 வரை பின்தொடர்ந்தார். புராட்டஸ்டண்டாக மாறிய நகரங்கள் மற்றவற்றைவிட அதிகம் வளரவில்லை. அதாவது விளைவே இல்லை. ஒருவர் வழியை மறுக்கிறார், மற்றவர் விளைவையே மறுக்கிறார். இவர்கள் வெபருக்கு எதிரே தோளோடு தோள் நிற்பவர்கள் அல்லர், தங்களுக்குள்ளேயே முரண்படுகிறவர்கள். கன்டோனி வளர்ச்சியை அளந்தது நகர மக்கள்தொகையை வைத்து என்பதையும் சேர்த்துச் சொல். மக்கள் பெருகுவதும் மனப்பான்மை மாறுவதும் ஒன்றல்ல.

என்னை இன்னும் உறுத்துவது நடுக் கண்ணிதான், அந்தப் பயம். அதற்கு வெபர் காட்டும் சான்று பெரும்பாலும் ரிச்சர்ட் பாக்ஸ்டர் போன்ற போதகர்களின் அறிவுரை நூல்கள். பாக்ஸ்டர் முன்குறித்தலைக் கறாராகப் பிடித்துத் தொங்கியவர் அல்லர். அதுவும் போக, போதகர் என்ன விரும்பினார் என்பதற்குத்தான் போதனை சான்று, கேட்டுவிட்டுக் கடைக்குப் போனவன் கல்லாவில் என்ன செய்தான் என்பதற்கு ஆகாது. கால்வினிய நாடான ஸ்காட்லாந்து ஏன் தாமதமாக வளர்ந்தது என்று கேட்டால், மனப்பான்மை மட்டும் போதாது, மற்றவையும் வேண்டும் என்று வெபர் பக்கத்தார் சொல்வார்கள். நியாயமான பதில்தான். எல்லா எதிர் உதாரணத்துக்கும் அதே பதில் வந்தால், இந்தக் கோட்பாடு தோற்பதற்கு என்ன நடக்க வேண்டும்? இதைக் கேட்கும் பத்தி உன் கட்டுரையில் இல்லை.

கடைசிப் பக்கத்தில் இந்தியாவை இரண்டு வரியில் முடித்திருக்கிறாய். வைப்பதானால் மில்டன் சிங்கரை வை. அவர் 1960களில் மதராஸ் தொழிலதிபர்களைச் சந்தித்துப் பேசினார். தொழிற்சாலையில் ஒரு முறை, வீட்டில் வேறு முறை என்று பிரித்து வைத்துக்கொண்டு, மதத்தையும் விடாமல் தொழிலையும் நடத்தினார்கள் என்று கண்டார். இடம் இல்லையென்றால் இந்தியாவை எடுத்துவிடு.

அட்டவணையில் 59 என்று திருத்தி, 69 எப்படிப் பரவியது என்பதை அதன் கீழேயே ஒரு வரியில் சொல். குடை உதாரணம் வேண்டுமானால் எடுத்துக்கொள், என்னிடம் வேறு இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்