டிபிஎம் துடைக்கும் முன்: லேப்டாப் விற்பவர்களுக்கு ஆறு அறிவுரைகள்

1. டிபிஎம் சிப்பில் உங்கள் படங்களோ கோப்புகளோ கிடையாது, சாவிகள்தான் இருக்கின்றன. அதைத் துடைத்தால் டிஸ்க்கில் ஒரு கோப்பும் அழியாது. பிட்லாக்கர் போடாத டிஸ்க் என்றால், வாங்குகிறவர் அதைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

2. ஆகவே டிஸ்க் பூட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீங்கள் பூட்டாவிட்டாலும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தபோது விண்டோஸ் தானாகவே பூட்டியிருக்கலாம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து இதை அடியுங்கள்:

```
manage-bde -protectors -get C:
```

`TPM`, `Numerical Password` என்று இரண்டும் வந்தால் டிஸ்க்கைத் திறக்க இரண்டு வழிகள் உண்டு. சிப்பைத் துடைத்தால் முதல் வழி போய்விடும். 48 இலக்க மீட்புச் சாவி இருந்தால் இரண்டாவது வழி அப்படியே நிற்கும். `TPM` மட்டும் வந்தால், துடைத்த பிறகு அந்த டிஸ்க்கை மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது.

3. ஒருவர் எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு, சிப்பைத் துடைத்து, லேப்டாப்பை மட்டும் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு அந்த எஸ்எஸ்டியை வேறு கணினியில் செருகினால் அது மீட்புச் சாவியைக் கேட்கும். கூடவே Key ID என்று 8 எழுத்துகளைக் காட்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் பல சாவிகள் இருந்தால், அந்த எட்டோடு பொருந்துவதுதான் சரியான சாவி. எங்கேயும் சாவி இல்லையென்றால் உள்ளே இருப்பதெல்லாம் போனதுதான். அதனால் விற்கும் முன்பே சாவியைத் தாளில் எழுதி, Key ID-யோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. பின் எண்ணும் கைரேகையும் போனால் புதிதாகப் பதிந்துகொள்ளலாம். அந்த லேப்டாப்பின் சிப்பில் மட்டும் இருக்கும் பாஸ்கீயும், சான்றிதழ்களின் தனிச்சாவியும் போனால் திரும்பாது. அவை சிப்பை விட்டு வெளியே வராதபடி அமைக்கப்பட்டவை. எந்த பேக்கப்பிலும் இருக்காது. பாஸ்கீ வைத்த ஒவ்வொரு தளத்திலும் முதலில் உங்கள் ஃபோனில் இன்னொரு பாஸ்கீ பதிந்து, அதைக் கொண்டு ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

5. டிஸ்க்கோடு சேர்த்து விற்பதானால் வரிசை மாறக்கூடாது. கோப்புகளை நகலெடுத்து, நகலை வேறு கணினியில் திறந்து பாருங்கள். பிறகு Reset this PC-யில் Remove everything, அதற்குள் Clean data. அது முடிந்த பின் பயாஸில் Security பகுதிக்குப் போய் டிபிஎம்மைத் துடையுங்கள். பூட்டிய டிஸ்க்கோடு பயாஸில் முதலில் துடைத்தால், அடுத்த முறை விண்டோஸ் திறக்காமல் நீலத்திரையில் 48 இலக்கத்தைக் கேட்டு நிற்கும்.

6. அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் சிப்பில் கை வைக்காதீர்கள். மீட்புச் சாவி அவர்களிடம்தான் இருக்கும். துடைப்பதும் அவர்கள் ஐடி பிரிவின் வேலை.