படமும் பஞ்சுத் திரியும்

நார்வே நாட்டின் கடற்கரை நகரமாகிய பெர்கனில், 19-ஆம் நூற்றாண்டில் தொழுநோயாளர்க்கென மருத்துவமனைகள் இருந்தன. அங்குப் பணியாற்றிய டேனியல்சன் என்னும் மருத்துவரும், அவருடைய நண்பராகிய பெக் என்பாரும் 1847-ஆம் ஆண்டில் தொழுநோயைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டனர். அதனுடன் வண்ணப் படத்தொகுதி ஒன்றும் வெளிவந்தது. லோஸ்டிங் என்னும் ஓவியர் நோயாளரை நேரில் கண்டு அப்படங்களைத் தீட்டினார். ஒளிப்படக்கலை தவழ்ந்துகொண்டிருந்த அக்காலத்தில், தொலைவிலிருந்த மருத்துவரும் இந்நோயின் தோற்றத்தைக் கண்ணாற் காண அத்தொகுதி உதவிற்று. டேனியல்சனின் மருமகனாகிய ஆன்சன் என்பாரே பின்னர் 1873-ஆம் ஆண்டில் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார்.

டேனியல்சனும் பெக்கும் நோயை இரு வகையாகப் பிரித்தனர். ஒன்று, உடலில் முடிச்சுகள் தோன்றும் வகை. மற்றொன்று, உணர்ச்சி மரத்துப்போகும் வகை. முன்னதை ஓவியர் எளிதில் வரைந்துவிடலாம். பின்னதை எவ்வாறு வரைவது? மரத்துப்போன தோலுக்கும் மரத்துப்போகாத தோலுக்கும் தூரிகையில் தனித்தனி வண்ணம் இல்லை. அன்று ஓவியருக்கு இருந்த இக்குறை இன்று ஒளிப்படக் கருவிக்கும் உண்டு. தொழுநோய்ப் பணியாளரைப் பயிற்றும் இடங்களில், படத்தைக் காட்டிய உடனே பஞ்சையும் கையில் கொடுப்பதற்கு இதுவே காரணம்.

அத்தகைய பயிற்சியில் மூன்று படங்கள் மேசைமேல் வைக்கப்பட்டுள்ளன எனக் கொள்க. முதற்படத்தில் எட்டு வயதுச் சிறுமியின் கன்னம் தெரிகிறது. அதில் எல்லை மங்கிய வெளிறிய திட்டு ஒன்று உள்ளது; அதன்மேல் மாவு தூவினாற் போன்ற மெல்லிய செதில் காணப்படுகிறது. இரண்டாவது படம் இளைஞன் ஒருவனுடைய முதுகு. சிறு சிறு வெளிர்ப் புள்ளிகள் பலவாகத் தோன்றி, ஒன்றோடொன்று கூடிப் படர்ந்திருக்கின்றன. நகத்தால் மெல்லச் சுரண்டினால் பொடி உதிரும். மூன்றாவது படம் பதினான்கு வயதுச் சிறுவனுடைய இடது முன்கையின் புறப்பக்கம். நான்கு சென்டிமீட்டர் நீளமும் மூன்று சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரே ஒரு திட்டு அங்கே இருக்கிறது.

பயிலுவோர் மூன்றையும் ‘தேமல்’ என்றே முதலில் சொல்லுவர். ஊரார் சொல்லும் சொல்லும் அதுவே. இரண்டாவது படத்தில் உள்ளது உண்மையிலேயே தேமல், பூஞ்சையால் வருவது. முதற்படத்தில் உள்ளது சிறுவர் முகத்தில் பெரிதும் காணப்படும் தீங்கற்ற வெளிறல்; நாளடைவில் தானே மறையும். இவ்விரண்டிற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாட்டைப் படத்திலிருந்து ஓரளவு உய்த்துணரலாம். மூன்றாவது திட்டின் நிறம் பால்போல் வெண்மையாக இல்லை. சுற்றியுள்ள தோலின் நிறமே சற்றுக் குறைந்தாற்போல் இருக்கிறது. முற்றும் வெளுத்த தோல் பெரும்பாலும் வெண்புள்ளியைக் காட்டும். அதனை ‘வெண்குட்டம்’ என வழங்குவது பெயரளவில் வந்த பிழையே. அதற்கும் தொழுநோய்க்கும் தொடர்பில்லை. சிறுவனுடைய திட்டின் ஓரம் ஒரு பக்கத்தில் தெளிவாகவும் சற்றே மேடாகவும் உள்ளது. உள்ளிடம் வறண்டிருக்கிறது. சுற்றிலும் மென்மயிர் இருக்க, திட்டின்மேல் அது அருகிக் காணப்படுகிறது.

எனினும் படம் ஏமாற்றவும் செய்யும். ஒளிப்படக் கருவியின் மின்வெட்டொளி நேரே தோலிற் பட்டால், வெளிறிய திட்டு ஒளியில் கரைந்து மறைந்துவிடும். சில வேளை நல்ல தோலே வெளிறியதுபோல் தோன்றும். பகலொளி பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழுமாறு வைத்து எடுத்தால்தான் ஓரத்து மேடு நிழலாகத் தெரியும். திட்டை மட்டும் நெருங்கி எடுத்த படம், அஃது உடலில் எங்குள்ளது, வேறு எத்தனை உள்ளன என்பவற்றைச் சொல்லாது. நிறம் மிக்க தோலில் வெளிறித் தோன்றும் திட்டு, நிறம் குறைந்த தோலில் செந்நிறமாகவும் தோன்றலாம். இத்தனையும் சரியாக அமைந்த படங்கூட ஐயத்தை எழுப்புமேயன்றித் தீர்க்காது. பிறவியிலிருந்தே உள்ள வெளிர் மறு, ஆறிய புண்ணின் தழும்பு ஆகியனவும் இதே வடிவில் தோன்றக்கூடும். அவற்றுள் எதுவென முடிவு செய்யத் தோலைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும்.

தோல் மரத்துப்போவது ஏன்? தொழுநோய்க் கிருமி நரம்புகளை நாடும் இயல்புடையது. நரம்பிழைகளைப் போர்த்திருக்கும் உயிரணுக்களில் அது புகுந்து தங்குகிறது. உடலின் குளிர்ந்த பகுதிகளே அதற்கு உகந்தவை. ஆதலின் தோலையும் தோலுக்கு அண்மையிலுள்ள நரம்புகளையும் அது முதலில் பற்றுகிறது. இது மிக மெல்லப் பெருகும் கிருமி. ஒன்று இரண்டாவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆவது இதனால்தான். உடல் அக்கிருமியை எதிர்த்துப் போரிடும்போது, அதற்கு உறைவிடமான நரம்பிழைகளும் சிதைகின்றன. வெப்பத்தை உணர்த்தும் இழைகள் பெரும்பாலும் முன்னர்க் கெடும். மெல்லிய தொடுகையும் நோவும் பின்னர் மறையும். வியர்வையை இயக்கும் நரம்பிழைகளும் கெடுவதால், வெயிலில் உடலெல்லாம் வியர்க்கும்போதும் அத்திட்டு உலர்ந்தே இருக்கும்.

நோவும் அரிப்பும் இல்லாத ஒன்றை எவரும் பொருட்படுத்துவதில்லை. சிறுவனும் எட்டுத் திங்களாக அதனைப் பொருட்படுத்தவில்லை. அவன் தாய் கடையில் வாங்கிய களிம்பைத் தடவி வந்தாள். அரிக்கும் படையாயின் பத்து நாளில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருப்பாள்.

இனிச் சோதனை நிகழ்ந்த முறையைக் காண்போம். பணியாளர் சிறிது பஞ்சை விரல்களால் உருட்டி, நுனி கூரிய திரியாக்கினார். ஊசி எடுக்கவில்லை, ஊசியால் குத்தினால் குருதிவழி வேறு நோய்கள் பரவக்கூடும். முதலில் சிறுவன் கண் திறந்திருக்கையிலேயே அவனுடைய மற்றொரு கையின் நல்ல தோலைத் திரி நுனியால் தொட்டு, “எங்கே தொடுகிறேனோ அங்கே உன் விரலை வை, தம்பி” என்றார். அவன் வைத்தான். இரண்டு மூன்று முறை இவ்வாறு செய்து, அவனுக்கு விளங்கியதை உறுதி செய்துகொண்டபின் கண்களை மூடச் சொன்னார்.

பின்னர்த் திட்டைச் சுற்றியுள்ள நல்ல தோலில் ஐந்து இடங்களைத் தொட்டார். ஐந்தையும் அவன் பிழையின்றிக் காட்டினான். திட்டிற்குள் ஆறு இடங்களைத் தொட்டபோது, ஐந்து முறை அவன் விரல் அசையவேயில்லை. ஒருமுறை மட்டும், தொட்ட இடத்திற்கு மூன்று சென்டிமீட்டருக்கு அப்பால் விரலை வைத்தான். இவ்வாறு இடம் தவறிக் காட்டுவதும் உணர்ச்சிக் குறைவின் அடையாளமே. இடையிடையே பணியாளர் எதனையும் தொடாமல் வாளா இருந்தார். அப்போது சிறுவனும் வாளா இருந்தான். அவன் ஊகித்துக் காட்டவில்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

இச்சோதனையில் பிழை புகும் வழிகள் சில உண்டு. “தெரிகிறதா, தெரிகிறதா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டால், தொடாதபோதும் “தெரிகிறது” என்னும் விடை வரும், சிறுவர் பெரியோரை மகிழ்விக்க விரும்புவர். பஞ்சைத் தேய்த்து இழுத்தால், திட்டிற்கு வெளியேயுள்ள நல்ல தோலும் அசைந்து உணர்ந்துவிடும். ஆகவே செங்குத்தாக ஒருமுறை தொட்டு எடுத்தல் வேண்டும். ஒரே தாளத்தில் தொட்டுக்கொண்டே போனால் அடுத்த தொடுகையை எண்ணிக் காட்டிவிடலாம். காய்த்துப்போன உள்ளங்காலில் பஞ்சின் தொடுகை நலமுடையார்க்கும் தெரியாது. முகத்திலோ இதற்கு மாறாக, பல நரம்புகள் பின்னிக் கிடப்பதால், நோய் இருந்தும் உணர்ச்சி எஞ்சியிருக்கும். ஐயமுள்ள இடங்களில், இளஞ்சூட்டு நீர் ஒன்றிலும் குளிர்ந்த நீர் மற்றொன்றிலுமாக இரண்டு கண்ணாடிக் குழாய்களைக் கொண்டு வெப்பவுணர்வையும் சோதிப்பதுண்டு.

இவற்றினும் பெரிய வரம்பு ஒன்றுண்டு. உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியவரிடம் கிருமிகள் தடையின்றிப் பெருகும். அவர் தோலில் எல்லை தெரியாத மங்கிய திட்டுகள் பல, இருபுறமும் ஒத்துத் தோன்றும். அங்கே போர் மும்முரமாக நிகழாமையால் நரம்பிழைகள் தொடக்கத்தில் சிதைவதில்லை. பஞ்சின் தொடுகை நன்றாகவே தெரியும். அதனை நம்பி ‘நோயில்லை’ என்று அனுப்பிவிட்டால், கிருமி மிகுந்த ஒருவரையே அனுப்பிவிட்டதாகும். அத்தகையோர்க்குத் தோலைச் சிறிது கீறி எடுத்த நீர்மத்தை நுண்ணோக்கியில் வைத்துக் கிருமியைத் தேடுவர். ஆகவே, திட்டு மரத்திருந்தால் அது தொழுநோயின் உறுதியான சான்று. மரத்திராவிட்டால் அதனைக் கொண்டே நோயில்லை எனக் கூறுதல் இயலாது.

சிறுவனைப் பொறுத்தவரை சான்று கிடைத்துவிட்டது. பணியாளர் அத்துடன் நிறுத்தவில்லை. முழங்கையின் பின்புறம் ஓடும் நரம்பை விரலால் உருட்டிப் பார்த்தார், அது தடித்திருக்கவில்லை. சுண்டுவிரலையும் கட்டைவிரலையும் அவன் வலுவாக அசைத்தான். உடல் முழுவதும் பார்த்தபோது, இடுப்பிற்குக் கீழே அவனே அறியாத மற்றொரு திட்டும் இருந்தது, அதுவும் மரத்திருந்தது. இவ்விரண்டையும் உடற்படம் வரைந்த அட்டையில் குறித்தார். முன்கையில் உணர்ச்சியற்ற பகுதி திட்டு முழுவதும் பரவாமல் நடுவே மட்டும் இருந்தமையால், மைக்கோலால் தோலின்மேலேயே புள்ளிக் கோடிட்டு, அதன்பின் படம் எடுத்தார். அட்டையுடன் அவனை மருத்துவரிடம் அனுப்பினார். நோயை உறுதி செய்தவர் மருத்துவரே.

உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1981-ஆம் ஆண்டில் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையே இன்றைய மருத்துவத்திற்கு அடிப்படை. ஐந்து திட்டுகள் வரை உள்ளவர்க்கு, தோல்நீர்மத்தில் கிருமி காணப்படாவிடின், ஆறு திங்கள் மருந்து; அதற்கு மிகுந்தவர்க்குப் பன்னிரண்டு திங்கள். சிறுவன் முதல் வகையினன். அவன் வீட்டிலிருந்தே பள்ளிக்குச் சென்று வந்தான். மருந்து தொடங்கியபின் அவனால் பிறர்க்கு நோய் பரவும் என அஞ்ச வேண்டியதில்லை. அவன் பெற்றோரும் தங்கையும் சோதிக்கப்பட்டனர். அவர்களிடம் திட்டு எதுவும் காணப்படவில்லை.

ஆறு திங்களுக்குப்பின் எடுத்த படத்தில் முன்கைத் திட்டின் ஓரம் தணிந்து, நிறமும் ஓரளவு மீண்டிருந்தது. முந்திய படத்தை அருகில் வைக்காவிடில் அதனைக் கண்டுபிடிப்பதே அரிது. ஆயினும் பணியாளர் பஞ்சுத் திரியை எடுத்து, பழைய அட்டையைப் பார்த்து அதே புள்ளிக் கோட்டினுள் தொட்டபோது, சிறுவனின் விரல் இரண்டு இடங்களை மட்டுமே காட்டிற்று. கிருமி அழிந்தாலும் சிதைந்த நரம்பிழை முழுதும் மீள்வது உறுதியன்று. எஞ்சிய பகுதியை அவர் அட்டையில் சிறிய கோட்டால் மீண்டும் வரைந்து தேதியிட்டார். அடுப்பருகிலும் வெயிலில் காய்ந்த இரும்பருகிலும் அந்தக் கையை நாள்தோறும் கண்ணால் பார்த்துக்கொள்ளும்படி சிறுவனுக்குச் சொல்லி, மூன்று திங்களுக்குப்பின் வருமாறு அனுப்பினார்.