கிலோவா, கி.கி.யா? பொது ஷீட்டில் அலகும் நிலையும் ஒரே மாதிரி பதிய ஒரு வழி

நாலைந்து பேர் சேர்ந்து காய்கறி அனுப்புகிற குழுக்கள் இப்போது பெருகி வருகின்றன. பெரும்பாலும் கணக்கு கூகுள் ஷீட்டில்தான். தோட்டத்தில் எடை போடும் அக்கா, வண்டியில் ஏற்றும் தம்பி, பணம் பிரித்துக் கொடுப்பவர் என எல்லோரும் அவரவர் போனிலிருந்து ஒரே ஷீட்டில் எழுதுகிறார்கள். வசதிதான். ஆனால் மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கும்போது கணக்கு உதைக்கும். ஏன் உதைக்கிறது, அதை எப்படி முன்கூட்டியே தடுப்பது என்பதுதான் இந்தப் பாடம்.

கூட்டல் எங்கே தவறுகிறது?

ஒரு உழவரின் ஒரு வாரக் கத்தரிக்காயை எடுத்துக்கொள்வோம். திங்கள் 42, செவ்வாய் 38, புதன் 40, வியாழன் 36, வெள்ளி 44. மொத்தம் 200 கிலோ. அலகு என்ற இடத்தில் திங்களன்று "கிலோ" என்று இருக்கிறது. செவ்வாயன்று "கி.கி", புதனன்று "kg". வியாழனும் வெள்ளியும் மறுபடி "கிலோ". படிக்கிற மனிதருக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. ஷீட்டுக்கு அப்படி இல்லை. "கிலோ என்று இருப்பதை மட்டும் கூட்டு" என்றால் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போவதைத்தான் எடுக்கும்.

அப்படியானால் 42, 36, 44 சேர்ந்து 122 வர வேண்டும். ஆனால் ஷீட் 86 என்கிறது. காரணம் வியாழக்கிழமை. போனில் தமிழில் தட்டும்போது மேலே வரும் சொல்லைத் தொட்டால், சொல்லுக்குப் பின்னால் ஒரு இடைவெளியும் தானாக விழுந்துவிடும். அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஷீட்டுக்கு "கிலோ" வேறு, இடைவெளியோடு கூடிய "கிலோ " வேறு. ஆக 114 கிலோ கணக்கில் வரவில்லை. கிலோ 30 ரூபாய் என்றால் அந்த உழவருக்கு 3,420 ரூபாய் குறையும். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் எடையைத் தப்பாகப் போடவில்லை. இருந்தாலும் குழுவில் மனக்கசப்பு வருவதற்கு இது போதும்.

வங்கியில் நாங்கள் கணக்கு வகையைக் கையால் எழுதவே விட மாட்டோம், பட்டியலில் இருந்துதான் எடுக்கணும். தட்டச்சு செய்ய இடம் கொடுத்தால் பத்துப் பேர் பத்து விதமாக எழுதுவார்கள். அதே முறையைத்தான் இங்கேயும் செய்யப் போகிறோம்.

முதலில் பட்டியலை முடிவு செய்யுங்கள்

கணினியைத் தொடுவதற்கு முன்னால் காகிதத்தில் செய்ய வேண்டிய வேலை இது. எந்த அலகில் பணம் கொடுக்கிறோமோ அந்த அலகு மட்டும் பட்டியலில் இருக்கட்டும். கத்தரி, வெண்டைக்குக் கிலோ. கீரைக்குக் கட்டு. தேங்காய்க்கு எண்ணிக்கை. எண்ணெய், பாலுக்கு லிட்டர்.

கிராம் வேண்டாம். கிலோவும் கிராமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அவசரத்தில் விரல் மாறி விழும். அரைக் கிலோவை 0.5 என்றே எழுதலாம்.

"மூட்டை" என்று வெறுமனே போடாதீர்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். வியாபாரியிடம் போனால் 75 கிலோ மூட்டை என்பார். ஒரே சொல்லுக்கு இரண்டு எடை இருந்தால், பட்டியல் வைத்தும் பயன் இல்லை. "மூட்டை 40 கிலோ" என்று எடையைப் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள், அல்லது நெல்லையும் கிலோவிலேயே பதியுங்கள். மரக்கால், படிக்கும் இதேதான். அவை ஊருக்கு ஊர் மாறும்.

நிலைக்கும் அப்படித்தான். "முடிந்தது" என்ற சொல் ஆபத்தானது. அறுவடை முடிந்ததா, அனுப்பி முடிந்ததா, பணம் கொடுத்து முடிந்ததா என்று தெரியாது. கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய நிகழ்ச்சியாக இருக்கட்டும்: எடை போட்டாச்சு, அனுப்பியாச்சு, திரும்பி வந்தது, பணம் கொடுத்தாச்சு. இந்த நாலு போதும்.

ஷீட்டில் அமைப்பது

இதை ஒரு தடவை கணினியில் செய்துவிட்டால் போதும். பிறகு எல்லோரும் போனிலேயே பயன்படுத்தலாம்.

பதிவு ஷீட்டில் பத்திகளை இந்த வரிசையில் வையுங்கள்: A தேதி, B உழவர், C விளைபொருள், D அலகு, E அளவு, F நிலை. அலகை அளவுக்கு முன்னால் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

கீழே கூட்டல் குறியை அழுத்தி இன்னொரு ஷீட் திறந்து "பட்டியல்" என்று பெயர் வையுங்கள். அதில் A2 முதல் கீழே கீழே அலகுகள், B2 முதல் நிலைகள்.

இப்போது பதிவு ஷீட்டுக்கு வந்து D2 முதல் D500 வரை தேர்ந்தெடுத்து, Data > Data validation > Add rule என்று போங்கள். Criteria என்ற இடத்தில் Dropdown (from a range) என்பதை எடுத்து, அதன் கீழே இதைக் கொடுங்கள்:

```
='பட்டியல்'!$A$2:$A$20
```

ஐந்து அலகுக்கு ஏன் 20 வரை என்றால், நாளைக்கு இன்னொரு அலகு வந்தால் பட்டியலின் அடியில் எழுதினாலே போதும், விதியைத் தொட வேண்டியதில்லை.

அடுத்து Advanced options திறந்து Reject the input என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதுதான் உயிர்நாடி. Show a warning என்று விட்டால் தப்பான சொல்லையும் ஷீட் ஏற்றுக்கொண்டு, கட்டத்தின் மூலையில் சின்னச் சிவப்பு முக்கோணம் மட்டும் போடும். வெயிலில் போனைப் பிடித்துக்கொண்டு இருப்பவர் அதை எங்கே பார்க்கப் போகிறார்? அங்கேயே Show help text for a selected cell என்று ஒன்று இருக்கிறது. அதில் "பட்டியலில் இருந்து எடுங்கள். புது அலகு வேண்டுமானால் கணக்குப் பார்ப்பவரிடம் சொல்லுங்கள்" என்று எழுதி, கடைசியில் Done அழுத்துங்கள். F பத்திக்கும் இதே மாதிரி, B2 முதல் B20 வரை உள்ள பட்டியலைக் கொடுங்கள்.

உழவர் பெயர், விளைபொருள் பத்திகளுக்கும் இதைச் செய்யலாம். "கத்தரி", "கத்திரிக்காய்" என்று இரண்டாகப் பிரிந்தாலும் இதே நஷ்டம்தான்.

அளவுக்கு எச்சரிக்கை மட்டும்

பட்டியல் சொல்லைத்தான் காக்கும், எண்ணைக் காக்காது. கிராமை எடுத்துவிட்டோம், ஆனால் பழக்கத்தில் ஒருவர் 500 கிராம் பச்சை மிளகாயை "கிலோ, 500" என்று போட்டுவிடலாம். அதற்காக E2 முதல் E500 வரை இன்னொரு விதி சேர்த்து, Custom formula is என்பதில் இதை எழுதுங்கள்:

```
=OR(D2<>"கிலோ", E2<=150)
```

கிலோ என்று இருந்து அளவு 150-ஐத் தாண்டினால் தப்பாக இருக்கலாம் என்று பொருள். தேங்காய் 800 என்றால் அலகு எண்ணிக்கை, அதனால் ஒன்றும் சொல்லாது. 150 என்பது உங்கள் தோட்டத்தின் ஒரு நாள் உச்சத்தைப் பார்த்து நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டியது. இங்கே மட்டும் Reject வேண்டாம், Show a warning போதும். ஒரு நாள் உண்மையிலேயே 180 கிலோ தக்காளி வரலாம், அதைத் தடுத்தால் வேலை நின்றுவிடும். அலகை முன்னால் வைத்ததும் இதற்குத்தான். அலகு முதலில் விழுந்தால், எண்ணைத் தட்டியவுடனே முக்கோணம் தெரியும், எடை போட்டவர் தராசுப் பக்கத்தில் இருக்கும்போதே திருத்திவிடலாம்.

பாதி போனது, பாதி திரும்பியது

எங்கள் குழுவில் எடை போடும் அக்கா கேட்ட கேள்வி இது: "சார், 40 கிலோ அனுப்பினோம், 10 கிலோ திரும்பி வந்துடுச்சு. எதைப் போடறது?"

ஒரு வரிக்கு ஒரு நிலைதான் இருக்க முடியும். அதனால் வரியைப் பிரிக்க வேண்டும். பழைய வரியில் 40-ஐ 30 ஆக்கி "அனுப்பியாச்சு" என்றே விடுங்கள். கீழே புது வரியில் அதே உழவர், அதே பொருள், கிலோ, 10, "திரும்பி வந்தது". மொத்தம் 40 அப்படியே இருக்கும். ஆனால் சரக்கு நகரும்போதெல்லாம் புது வரி போடக் கூடாது. எடை போட்டபோது ஒரு வரி, அனுப்பியபோது இன்னொரு வரி என்றால் 40 கிலோ 80 ஆகிவிடும். முழுச் சரக்கும் நகர்ந்தால் அதே வரியில் நிலையை மட்டும் மாற்ற வேண்டும்.

விதியில் Allow multiple selections என்று ஒரு வசதி காட்டும். ஆசையாக இருக்கும், தொடாதீர்கள். இரண்டு நிலையும் ஒரே கட்டத்தில் காற்புள்ளி போட்டு உட்கார்ந்துகொள்ளும், எந்தக் கூட்டலிலும் சேராது.

பணம் கொடுக்க வேண்டிய கத்தரி எவ்வளவு என்று பார்க்க இது போதும்:

```
=SUMIFS(E:E, C:C, "கத்தரி", D:D, "கிலோ", F:F, "அனுப்பியாச்சு")
```

இன்னும் எங்கே ஓட்டை?

விதி போடுவதற்கு முன் எழுதியவை தாமாகத் திருந்தாது. முக்கோணம் விழுந்திருக்கும் பழைய கட்டங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலில் இருந்து மாற்றுங்கள்.

பட்டியலில் ஒரு சொல்லைப் பிற்பாடு மாற்றினாலும் பழைய வரிகளில் பழைய சொல்தான் நிற்கும். ஆகவே சொல்லை ஆரம்பத்திலேயே யோசித்து வைப்பது நல்லது.

பெரிய ஓட்டை காப்பி பண்ணி ஒட்டுவது. வேறொரு கட்டத்தைக் காப்பி பண்ணி இங்கே ஒட்டினால், அந்தக் கட்டத்தின் விதியும் கூடவே வந்து நம் விதியைத் துடைத்துவிடும். கணினியில் Ctrl+Shift+V அழுத்தி ஒட்டினால் மதிப்பு மட்டும் வரும். இதை எல்லோரும் நினைவில் வைக்க மாட்டார்கள் என்பதால், ஓரமாக ஒரு கட்டத்தில் இதைப் போட்டு வையுங்கள்:

```
=SUMPRODUCT((D2:D500<>"")*(COUNTIF('பட்டியல்'!A2:A20, D2:D500)=0))
```

பட்டியலில் இல்லாத அலகு எத்தனை வரிகளில் இருக்கிறது என்று இது சொல்லும். 0 என்று இருந்தால் சரி. 3 என்று வந்தால் மூன்று வரிகளைத் தேடித் திருத்திவிட்டுத்தான் பணம் பிரிக்க வேண்டும்.

கடைசியாக, பட்டியல் ஷீட்டைப் பூட்டுங்கள். Data > Protect sheets and ranges போய் அந்த ஷீட்டைத் தேர்ந்தெடுத்து, Set permissions அழுத்தி, திருத்தும் உரிமையை Only you என்று வைத்துவிடுங்கள். மற்றவர்கள் பட்டியலிலிருந்து எடுக்கலாம், பட்டியலை மாற்ற முடியாது. புது அலகு தேவைப்பட்டால் குழுவில் பேசி ஒருவர் சேர்க்கட்டும்.

அப்படியும் கட்டுக்குப் பதில் கிலோ என்று விரல் தவறி எடுத்தால் ஷீட்டுக்குத் தெரியாது. அதனால் வாரம் ஒரு நாள் எடைச் சீட்டையும் ஷீட்டையும் பக்கத்தில் வைத்துப் பத்து வரி ஒத்துப் பாருங்கள். பத்து நிமிடம் ஆகும்.